பனியன் கம்பெனியில் ஸ்டாண்டர்டு போடுவது: எந்த அளவில் வைப்பது, எப்போது மாற்றுவது

திருப்பூரில் ஒரு ஏற்றுமதி பனியன் கம்பெனியில் காஸ்டிங் வேலைக்குச் சேர்ந்தபோது, ஒரு டீ-சர்ட்டுக்கு இவ்வளவு நூல் என்ற ஸ்டாண்டர்டு ஏற்கெனவே ஷீட்டில் இருந்தது. கம்ப்யூட்டரில் பேட்டர்னை அடுக்கினால் என்ன வருமோ அந்த எண். எந்த ஆர்டர் முடிந்தாலும் நூல் கூடுதலாகச் செலவானதாகவே ரிப்போர்ட் வந்தது. ஆறு மாதத்தில் அதை யாரும் படிப்பதில்லை என்றாகிவிட்டது. இதைச் சரிசெய்வதாக நினைத்து, மாதாமாதம் உண்மையில் ஆன அளவையே அடுத்த மாத ஸ்டாண்டர்டாக மாற்றினேன். ஸ்டாண்டர்டுக்கும் உண்மையில் ஆனதற்கும் உள்ள வித்தியாசம், அதாவது வேரியன்ஸ், ரிப்போர்ட்டில் சுத்தமாக மறைந்தது. அந்த நேரத்தில் டையிங்கில் எடை இழப்பு மெல்ல ஏறிக்கொண்டிருந்ததும் அதோடு சேர்ந்து மறைந்துபோனது. இரண்டு தவறுக்கும் கம்பெனி பணம் கொடுத்தது. புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களுக்காக, நான் பிறகு கற்றுக்கொண்ட வரிசையில் எழுதுகிறேன்.

நூலை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். பனியனில் செலவின் பெரும்பங்கு அதுதான். கணக்கு எளிதாக இருக்க விலைகளை முழு எண்ணாக வைத்திருக்கிறேன். உங்கள் எண்ணை உங்கள் பில்லிலிருந்து எடுங்கள்.

1. முதலில் காகிதங்களைத் திரட்டுங்கள்

கடைசி மூன்று மாதத்தில் முடிந்த ஆர்டர்களில், ஒரே மாதிரி துணியில் ஓடிய பத்துப் பன்னிரண்டு லாட்டைத் தேர்ந்தெடுங்கள். ஒவ்வொன்றுக்கும் நான்கு காகிதம் வேண்டும். நூற்பாலை பில். நிட்டிங்குக்குப் போன நூலின் எடையும் திரும்பி வந்த துணியின் எடையும் உள்ள டெலிவரி சலான். டையிங்குக்குப் போய் வந்த சலான். கட்டிங் ரிப்போர்ட். கட்டிங் வேஸ்ட் விற்ற பில்லையும் சேர்த்து வையுங்கள். அந்தப் பணத்தை நூல் செலவில் நேரடியாகக் கழித்துவிடாதீர்கள், தனி வரியாக வரட்டும். வேஸ்ட் விலை ஏறிய மாதத்தில் கட்டிங் நன்றாக நடந்ததுபோலத் தோன்றிவிடும்.

இதற்கு எனக்கு இரண்டு வாரம் பிடித்தது. எக்செல் போதும், மென்பொருள் எதுவும் வாங்க வேண்டாம். ஆனால் ஒரு செலவு தவிர்க்க முடியாதது: உள்ளே வருகிற துணியை உங்கள் தராசில் நீங்களே நிறுக்க வேண்டும். டையிங் சலானில் எழுதிவருகிற எடையை அப்படியே எடுக்காதீர்கள். பருத்தி ஈரத்தை இழுக்கும் சரக்கு. வணிகக் கணக்கிலேயே அதற்கு 8.5 சதவீத ஈரப்பதம் வழக்கமாக ஏற்கப்படுகிறது. சரியாகக் காயாமல் வந்த துணி அன்றைக்கு எடை கூடக் காட்டும், டையிங் இழப்பு குறைவாகத் தெரியும். இரண்டு நாள் ரேக்கில் கிடந்தபின் அந்த எடை கட்டிங்கில் காணாமல் போகும், பழி கட்டிங் மாஸ்டர் தலையில் விழும்.

2. ஒரே பீஸுக்கு இரண்டு எண் எழுதுங்கள்

ஆண்களுக்கான வட்டக் கழுத்து டீ-சர்ட், 160 ஜிஎஸ்எம் சிங்கிள் ஜெர்சி. வெட்டிய பாகங்கள் எல்லாம் சேர்ந்து 150 கிராம் என்று வைத்துக்கொள்வோம்.

லட்சிய ஸ்டாண்டர்டு என்பது எதுவுமே தவறாத நாளின் அளவு. பாகங்களைத் துணியில் அடுக்கிக் காட்டும் படமான மார்க்கரில் துணியின் 85 சதவீதம் பயன்படுகிறது; ஆகவே 150-ஐ 0.85-ஆல் வகுத்தால் 176.5 கிராம் துணி. டையிங்கில் பருத்தியின் மெழுகும் அழுக்கும் போகிற தவிர்க்கவே முடியாத இழப்பு 5 சதவீதம். நிட்டிங்கில் இழப்பே இல்லை. ஆக, 186 கிராம் நூல்.

இந்த எண்ணை நான் கட்டிங் மாஸ்டரிடம் காட்டியபோது அவர் சொன்னதை இன்னும் மறக்கவில்லை. “தம்பி, உங்க கணக்குல ரோலுக்கு நுனியே இல்லீங்க. ரோல்னா ஒரு ஆரம்பம், ஒரு முடிவு இருக்குமில்லீங்களா? நடுவுல ஓட்டை இருக்குமில்லீங்களா?”

அவர் சொன்னதுதான் எட்டக்கூடிய ஸ்டாண்டர்டு. ரோல் நுனித் துண்டுகள், ஓட்டை விழுந்த இடங்கள், ரோலுக்கு ரோல் மாறும் அகலம், மாற்றி வெட்டிய பாகங்கள் என்று ஒழுங்காக வேலை நடந்தாலும் வருகிற இழப்பைச் சேர்த்தால் துணி 184 கிராம் ஆனது. டையிங் இழப்பு 8 சதவீதம்; 184-ஐ 0.92-ஆல் வகுத்தால் சாயம் ஏறாத துணி 200 கிராம். நிட்டிங் இழப்பு 1 சதவீதம் சேர்த்தால் 202 கிராம் நூல்.

இந்த 8 சதவீதத்தை எப்படிப் பிடிப்பது? பன்னிரண்டு லாட்டின் சராசரியை எடுத்துவிடாதீர்கள். ஷேடு தவறி மறுபடி டை செய்த லாட்டும் அதில் உட்கார்ந்திருக்கும். மிகச் சிறந்த லாட்டையும் எடுக்காதீர்கள், அது மறுபடி லட்சிய எண்ணுக்கே கொண்டுபோகும். என்ன தவறியது என்று பெயர் சொல்லிக் காட்டக்கூடிய லாட்டுகளை நீக்கிவிட்டு, மீதியை வரிசைப்படுத்தி நடுவில் நிற்பதை எடுங்கள். பயோ வாஷ் உள்ள துணிக்குத் தனி எண் வையுங்கள். பயோ வாஷில் போடும் என்சைம் துணியின் மேற்பரப்பு இழைகளைத் தின்று எடையைக் குறைப்பதால் சாதாரணத் துணியோடு கலக்கக் கூடாது.

3. ஒரு ஆர்டரை இரண்டு எண்ணாலும் அளந்து பாருங்கள்

10,000 பீஸ் ஆர்டர். நூலின் ஸ்டாண்டர்டு விலை கிலோ 250 ரூபாய். உண்மையில் ஆன நூல் 2,060 கிலோ.

லட்சிய எண்ணில் அனுமதி 1,860 கிலோ. 200 கிலோ கூடுதல், 250 ரூபாய் வீதம் 50,000 ரூபாய் பாதகமான உபயோக வேரியன்ஸ். எட்டக்கூடிய எண்ணில் அனுமதி 2,020 கிலோ. 40 கிலோ கூடுதல், 10,000 ரூபாய் பாதகம். நடுவில் உள்ள 40,000 ரூபாயை யாரும் வீணாக்கவில்லை. இரண்டு ஸ்டாண்டர்டுக்கும் இடையிலுள்ள 16 கிராமின் விலை அது. 10,000 பீஸ் ஓடும் ஒவ்வொரு ஆர்டரிலும், யார் வேலை செய்தாலும், அதே 40,000 வந்தே தீரும்.

அடுத்த ஆர்டரில் உண்மையாகவே ஏதோ கெட்டு 2,100 கிலோ ஆகிறது என்று வையுங்கள். லட்சிய எண்ணில் வேரியன்ஸ் 50,000-லிருந்து 60,000 ஆகும். எப்போதும் ஐம்பது வருகிற இடத்தில் அறுபது வந்தால் யார் எழுந்து போய் விசாரிப்பார்கள்? எட்டக்கூடிய எண்ணில் 10,000 என்பது 20,000 ஆகும். இரட்டிப்பானதை முதலாளியே கேட்பார். கெட்டுப்போன 40 கிலோ இரண்டிலும் ஒன்றுதான், ஆனால் ஒன்றில் அது தெரிகிறது, மற்றதில் தெரிவதில்லை.

லட்சிய எண் இன்னும் இரண்டு இடத்தில் கடிக்கும். முதலாவது, பையருக்கு விலை சொல்லும் காஸ்டிங் ஷீட். அங்கே 186 கிராம் போட்டால் பீஸுக்கு 16 கிராம், அதாவது 4 ரூபாய், விலையிலேயே விட்டுப்போகும். ஆர்டர் கைக்கு வந்தபின் அதைத் திரும்பக் கேட்க முடியாது. இரண்டாவது, வருடக் கடைசி சரக்கு மதிப்பு. சரக்கு மதிப்புக்கான இந்தியக் கணக்கு விதியான இண்ட் ஏஎஸ் 2, ஸ்டாண்டர்டு செலவில் சரக்கை மதிப்பிட அனுமதிக்கிறது. ஆனால் அந்த ஸ்டாண்டர்டு பொருள், கூலி, திறன், உற்பத்தி அளவு ஆகியவற்றின் இயல்பான நிலையை எடுத்துக்கொண்டிருக்க வேண்டும், முடிவு உண்மைச் செலவை ஒட்டியிருக்க வேண்டும் என்கிறது. இயல்பான இழப்பு சரக்கின் விலையில் சேர வேண்டியது. அசாதாரண இழப்புதான் அந்த வருடச் செலவில் போகும். 186 கிராமில் சரக்கை மதிப்பிட்டு மீதியையெல்லாம் வேரியன்ஸாக லாப நட்டக் கணக்கில் தள்ளினால் ஆடிட்டர் நிறுத்திக் கேட்பார்.

அதற்காக 186-ஐ அழித்துவிட வேண்டாம். ஷீட்டில் பக்கத்து நெடுவரிசையில் வையுங்கள். 186-க்கும் 202-க்கும் இடையில் மார்க்கரால் எவ்வளவு, டையிங்கால் எவ்வளவு என்று பார்த்தால், எந்த மெஷினுக்கு அல்லது எந்த வேலைமுறை மாற்றத்துக்குப் பணம் போடலாம் என்று முடிவெடுக்க அது உதவும். ஆளை அளக்கவோ சரக்கை மதிப்பிடவோ மட்டும் அதை எடுக்காதீர்கள்.

4. எட்டக்கூடிய எண் இளகிப்போகாமல் பாருங்கள்

“எட்டக்கூடியது” என்றவுடன் ஒவ்வொரு செக்‌ஷனும் தன் இழப்பைக் கொஞ்சம் கூட்டிச் சொல்லப் பார்க்கும். நிட்டிங்கில் அரை சதவீதம், டையிங்கில் ஒன்று, கட்டிங்கில் ஒன்று என்று சேர்ந்தால் பீஸுக்கு நாலைந்து கிராம் ஏறிவிடும். பிறகு மோசமான லாட்டுக்கும் சாதகமான வேரியன்ஸ் வரும்.

நான் வைத்திருக்கும் சோதனை இதுதான். மூன்று மாத லாட்டுகளைப் பாருங்கள். எல்லா லாட்டும் ஸ்டாண்டர்டுக்குக் கீழே இருந்தால் எண் இளகியிருக்கிறது. ஒன்றுகூடத் தொடவில்லை என்றால் எண் இறுகியிருக்கிறது. சில மேலே, சில கீழே என்று இருந்தால் எண் சரியான இடத்தில் நிற்கிறது.

தையல் கூலிக்கும் இதே கணக்கு பொருந்தும். ஒரு விஷயத்தை மட்டும் கவனியுங்கள். ஒரு பீஸைத் தைக்க இவ்வளவு நேரம் என்று ஐஇ துறை, அதாவது வேலை நேரத்தை அளக்கும் துறை, தரும் எஸ்ஏஎம் நிமிடத்தில் ஓய்வுக்கான அனுமதி ஏற்கெனவே சேர்ந்திருக்கும். ஆனால் லைன் முழுக்க நூறு சதவீதத் திறனில் ஓடும் என்பதற்கு அது உத்தரவாதம் இல்லை. உங்கள் லைன் பழகிய ஸ்டைலில் எவ்வளவு திறனில் ஓடுகிறதோ அதனால் வகுத்த பிறகுதான் அது எட்டக்கூடிய நிமிடம் ஆகும். புது ஸ்டைல் ஏறிய முதல் சில நாட்களை இதில் சேர்க்காமல் தனியாகப் பாருங்கள்.

5. மாற்றலாமா என்று முடிவெடுக்க இரண்டு கேள்வி கேளுங்கள்

இங்கேதான் நான் அதிகம் தவறினேன். வேரியன்ஸ் பெரிதாக வந்தது என்பது மட்டும் ஸ்டாண்டர்டை மாற்றக் காரணம் ஆகாது. முதல் கேள்வி: காரணம் தொடர்ந்து இருக்கப்போகிறதா? இரண்டாவது: கம்பெனிக்குள் யாராவது முயன்றால் அதைத் திருத்த முடியுமா? தொடரும், யாராலும் திருத்த முடியாது என்றால் மாற்றுங்கள். திருத்த முடியும் என்றால் மாற்றாதீர்கள். அதைக் காட்டத்தான் வேரியன்ஸ் இருக்கிறது.

உடனே மாற்ற வேண்டியது: பையர் 160 ஜிஎஸ்எம்மை 180 ஆக்குகிறார். அதே பேட்டர்ன், ஆனால் துணி எடை எட்டில் ஒரு பங்கு ஏறும். 202 கிராம் சுமார் 227 ஆகும். பழைய ஸ்டாண்டர்டிலேயே விட்டால் 10,000 பீஸுக்கு 250 கிலோவுக்கு மேல், 62,500 ரூபாய்க்குக் குறையாத உபயோக வேரியன்ஸ் வரும். கட்டிங்கில் ஒரு கிராம்கூட வீணாகியிருக்காது. மார்க்கர் மென்பொருள் மாறினாலும், ட்யூபுலர் துணியிலிருந்து ஓபன் வித்துக்குப் போனாலும் இப்படித்தான். கூலி ஒப்பந்தப்படி வருகிற உயர்வு தேதியோடு முன்பே தெரியும். அந்தத் தேதியிலிருந்து புது வீதம் ஷீட்டில் இருக்க வேண்டும்.

மாற்றக் கூடாதது: டையிங் இழப்பு 8-லிருந்து 10 சதவீதம் ஆகிறது. ஸ்டாண்டர்டைப் பத்தாக்கிவிடுவது சுலபம். அப்படி ஆக்கினால் பீஸுக்கு நாலரை கிராம், 10,000 பீஸ் ஆர்டருக்குச் சுமார் 45 கிலோ, 11,000 ரூபாய்க்கு மேல், ரிப்போர்ட்டிலிருந்து காணாமல் போகும். நான் செய்தது இதைத்தான். பின்னர் நேரில் போய்ப் பார்த்தபோது, கேட்காத ஆர்டருக்கும் பயோ வாஷ் கொடுக்கப்பட்டிருந்தது தெரிந்தது. சொன்னவுடன் நின்றது. வேரியன்ஸை மறைக்காமல் விட்டிருந்தால் முதல் லாட்டிலேயே கேட்டிருப்பேன்.

நடுவில் நிற்பது நூல் விலை. நூற்பாலைகள் வழக்கமாக மாதத் தொடக்கத்தில் ஓசரி நூல் விலையை அறிவிக்கும். அறிவிப்புக்கு ஒருமுறை ஸ்டாண்டர்டை மாற்றினால் ஒரு மாதத்தை இன்னொரு மாதத்தோடு ஒப்பிடவே முடியாது. வருடம் முழுக்க மாற்றாமல் விட்டாலும் ஆகாது. விலை தாங்காமல் 2022 மே மாதம் திருப்பூரில் உற்பத்தியை நிறுத்திப் போராடிய நாட்களை நினைத்தால் போதும்; அந்த வருடத் தொடக்கத்து விலையை வைத்து பர்ச்சேஸ் ஆளை யார் எடைபோட முடியும்? நான் இப்போது காலாண்டுக்கு ஒருமுறை பார்க்கிறேன். அறிவித்த விலை தொடர்ந்து இரண்டு மாதம் ஸ்டாண்டர்டிலிருந்து 5 சதவீதத்துக்கு மேல் விலகி நின்றால் காலாண்டு நடுவிலும் மாற்றுகிறேன். அந்த 5 என்பது எங்கள் கம்பெனியின் வரம்பு. உங்கள் மார்ஜின் மெலிந்திருந்தால் குறைத்து வையுங்கள்.

6. மாற்றிய பிறகு வேரியன்ஸைப் பிரியுங்கள்

அதே ஆர்டருக்கு வருவோம். ஸ்டாண்டர்டு விலை 250, வாங்கியது 275. வாங்கிய மாதத்தில் சந்தை விலையே 270 என்று அறிவிப்பில் இருக்கிறது. மொத்த வேரியன்ஸ்: உண்மைச் செலவு 2,060 × 275 = 5,66,500. ஸ்டாண்டர்டு செலவு 2,020 × 250 = 5,05,000. பாதகம் 61,500.

பழைய முறையில் இது விலையால் 51,500, உபயோகத்தால் 10,000 என்று பிரியும். பர்ச்சேஸ் ஆள் 51,500-க்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கும். திருத்திய 270-ஐ நடுவில் வைத்துப் பிரித்தால் மூன்று துண்டு கிடைக்கும்.

திட்ட வேரியன்ஸ்: 2,020 × (270 − 250) = 40,400 பாதகம்
செயல் விலை வேரியன்ஸ்: 2,060 × (275 − 270) = 10,300 பாதகம்
செயல் உபயோக வேரியன்ஸ்: 40 × 270 = 10,800 பாதகம்

கூட்டினால் அதே 61,500. முதல் துண்டு சந்தை ஏறியதால் வந்தது. பர்ச்சேஸ் ஆளிடம் கேட்க ஒன்றுமில்லை, அடுத்த ஆர்டரின் விலையைச் சொல்லும்போது மெர்ச்சண்டைசர் கையில் இருக்க வேண்டிய எண் அது. இரண்டாவது துண்டுக்கு பர்ச்சேஸ் பதில் சொல்லலாம்: சந்தையைவிட 5 ரூபாய் ஏன் கூட? அவசரமாகக் கொஞ்சம் கொஞ்சமாக வாங்கியதா, கடன் நாள் நீட்டியதா? மூன்றாவது நிட்டிங், டையிங், கட்டிங் ஆகியவற்றினுடையது. அதே 40 கிலோதான், ஆனால் இன்றைய விலையில்.

பொறி ஒன்று இருக்கிறது. திட்ட வேரியன்ஸை 2,060 கிலோவுக்குப் போட்டு, உபயோகத்தையும் 270-இல் போட்டால் கூட்டுத்தொகை 62,300 வரும். 800 ரூபாய் அதிகம். 40 கிலோவின் 20 ரூபாய் இரண்டு முறை எண்ணப்பட்டுவிட்டது. திட்ட வேரியன்ஸுக்கு எப்போதும் ஸ்டாண்டர்டு அளவையே எடுங்கள்.

இன்னொன்று மனிதர்கள் சம்பந்தப்பட்டது. திட்ட வேரியன்ஸ் யார் மேலும் விழாது என்று தெரிந்தவுடன், எல்லோரும் தங்கள் குறையை அதில் போடச் சொல்வார்கள். ஆகவே திருத்திய எண்ணுக்கு வெளி ஆதாரம் ஒன்று ஷீட்டோடு இணைந்திருக்க வேண்டும்: ஆலை அனுப்பிய விலைப் பட்டியல், பையரின் ஜிஎஸ்எம் மாற்ற மெயில், கையெழுத்தான கூலி ஒப்பந்தம். ஆதாரம் இல்லை என்றால் அது செயல் வேரியன்ஸிலேயே இருக்கட்டும்.

7. மாற்றும் தேதியில் கையிருப்பை நிறுத்திப் பாருங்கள்

மாற்றத்தை மாதத்தின் முதல் தேதிக்கே வையுங்கள். அதற்கு முந்தைய மாலை நூல், நிட்டிங்கிலும் டையிங்கிலும் இருக்கிற துணி, வெட்டியது, தைத்தது எல்லாவற்றையும் எண்ணி எழுதுங்கள். வெளியே ஜாப் வொர்க்கில் இருப்பது மறந்துபோகும், சலான்களை வைத்து எண்ணுங்கள். பாதியில் ஓடும் ஆர்டரைப் பழைய ஸ்டாண்டர்டிலேயே முடியவிடுங்கள். ஒரே ஆர்டரில் இரண்டு ஸ்டாண்டர்டு புகுந்தால் அந்த வேரியன்ஸுக்கு விளக்கம் சொல்ல யாராலும் முடியாது.

கோடவுனில் 3,000 கிலோ நூல் இருக்கிறது, விலையை 250-லிருந்து 270 ஆக்குகிறீர்கள் என்றால், சிஸ்டத்தில் சரக்கு மதிப்பு ஒரே இரவில் 60,000 ரூபாய் ஏறும். அதன் எதிர்ப்பதிவு எங்கே போகிறது என்று பாருங்கள். சில மென்பொருள்கள் அதை விலை வேரியன்ஸ் கணக்கிலேயே சாதகமாகப் போட்டுவிடும். அந்த மாதம் பர்ச்சேஸ் அருமையாக வாங்கியதாக ரிப்போர்ட் சொல்லும். இதற்கென்று தனியாக ஒரு மறுமதிப்பீட்டுக் கணக்கு திறந்து அதில் போடச் சொல்லுங்கள். அந்த நூல் உண்மையில் 250-க்கு வாங்கியது என்றால் 60,000 லாபம் இல்லை. நூல் உற்பத்திக்குப் போகப்போக அதே விகிதத்தில் அந்தக் கணக்கைக் கரையுங்கள். மார்ச் 31-இல் மீதி இருந்தால், சரக்கை உண்மைச் செலவுக்கு இறக்க அதையே பயன்படுத்துங்கள்.

கடைசியாக, பழைய ஷீட்டின் மேல் புதிய எண்ணை எழுதாதீர்கள். ஒவ்வொரு மாற்றத்துக்கும் புதிய ஷீட், அதில் ஸ்டைல் எண், பழைய எண், புதிய எண், நடைமுறைக்கு வரும் தேதி, காரணம், ஆதாரத்தின் நகல், ஒப்புதல் கையெழுத்து. புரொடக்‌ஷன் மேனேஜர் கையெழுத்துக்கு இரண்டு நாள், முதலாளிக்கு இன்னும் இரண்டு நாள் ஆகும். ஆகவே ஒன்றாம் தேதிக்கு மாற்ற வேண்டியதை இருபத்தைந்தாம் தேதிக்குள் மேசையில் வைத்துவிடுங்கள்.